128 பெரிதா, 48 பெரிதா? ஸ்விட்ச் டேட்டாஷீட்டில் இருக்கும் இலக்கங்கள்

பொரளைச் சந்தியிலிருந்து கொட்டா வீதியில் சற்று உள்ளே, வைத்தியசாலைகளுக்கும் மருந்தகங்களுக்கும் உபகரணங்கள் விநியோகிக்கும் ஒரு நிறுவனம் இருக்கிறது. உரிமையாளரான ஹாஜியாருக்குப் பல வருடங்களாகக் கணனி வேலைகளைச் செய்து கொடுத்து வருகிறேன். ஒரு மாதக் கடைசியில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, ஒரு கொட்டேஷன் வந்திருக்கு. கையெழுத்துப் போட முந்தி நீங்க ஒருக்கா பாருங்களேன்" என்றார்.

போய்ப் பார்த்தேன். விடயம் இதுதான். மாதக் கடைசி நாட்களில், அதுவும் பிற்பகலில், இன்வொய்ஸ் போடுவது நத்தை வேகத்தில் நடக்கிறது. ஒரு பக்கம் திறக்க அரை நிமிடம். டெலிவரி லொறி வாசலில் நிற்கும். இன்வொய்ஸ் வராமல் பொருளை ஏற்ற முடியாது. இதைக் கேள்விப்பட்டு வந்த ஒரு விற்பனைப் பிரதிநிதி, சுவரில் தொங்கும் 24 போர்ட் ஸ்விட்ச்சைப் பார்த்து, "இதன் ஸ்விட்சிங் கபாசிட்டி 48 ஜிகாபிட்தான். இந்த ஒபீஸுக்குப் போதாது. நாங்கள் தருவது 128 ஜிகாபிட். போர்வர்டிங் ரேட்டும் 35.7க்குப் பதிலாக 95 மில்லியன்" என்று எழுதிக் கொடுத்துப் போயிருக்கிறார். விலை, இருக்கும் ஸ்விட்ச்சைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

ஹாஜியார் கேட்ட கேள்வி நியாயமானது. "128 என்றால் 48ஐ விட இரண்டரை மடங்குக்கு மேல் வேகம்தானே?" வியாபாரி ஒருவர் அப்படித்தான் நினைப்பார். அந்த இரண்டு இலக்கங்களும் எங்கிருந்து வருகின்றன என்பதை அன்று அவருக்குக் கடதாசியில் எழுதிக் காட்டினேன். அதே கணக்கைத்தான் இங்கே தருகிறேன். கல்குலேட்டர் தெரிந்த எவரும் போடக்கூடிய கணக்கு.

ஸ்விட்ச் என்பது ஒபீஸில் உள்ள கணனி, பிரிண்டர், சேர்வர், ரவுட்டர் எல்லாவற்றின் கேபிளும் வந்து சேரும் பெட்டி. கேபிள் செருகும் ஒவ்வொரு வாயும் ஒரு போர்ட். இன்று சாதாரணமாக விற்கும் ஸ்விட்ச்சில் ஒரு போர்ட் வினாடிக்கு 1 ஜிகாபிட், அதாவது 1,000 மெகாபிட் தரவை அனுப்பும்; அதே நேரத்தில் இன்னொரு 1 ஜிகாபிட்டை உள்ளே வாங்கவும் செய்யும். போவதற்கும் வருவதற்கும் தனித்தனிப் பாதை இருக்கும் வீதியைப் போல. எனவே ஒரு போர்ட்டுக்கு 2. அப்படி 24 போர்ட் இருந்தால்:

24 × 1 × 2 = 48

அவ்வளவுதான் ஸ்விட்சிங் கபாசிட்டி. எல்லா வாய்களும் ஒரே வினாடியில், இரு திசையிலும், நிரம்பி வழிந்தாலும் பெட்டி தாங்கும் என்பதே அந்த 48இன் பொருள். இதற்கு மேல் கொடுத்தாலும் அந்த 24 போர்ட்டுகளுக்கு அதைப் பயன்படுத்த வழி கிடையாது. எந்தக் கம்பனி தயாரித்த 24 போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச்சின் டேட்டாஷீட்டை எடுத்தாலும், மலிவானதிலும் கூட, பெரும்பாலும் இதே 48தான் அச்சிட்டிருக்கும். இரண்டு கடைகளில் இரண்டு விதமான விலைக்கு வாங்கிய பெட்டிகளில் ஒரே இலக்கம் இருப்பதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படத் தேவையில்லை.

அப்படியானால் 128 எப்படி வந்தது? கொட்டேஷனில் இருந்த மாதிரியின் விபரத்தைக் கவனமாக வாசித்தேன். அதிலும் கணனிகளுக்கான போர்ட் 24தான்; அவையும் அதே 1 ஜிகாபிட்தான். ஆனால் ஓரத்தில் 10 ஜிகாபிட் வேகமுள்ள நான்கு செருகுவாய்கள் மேலதிகமாக இருக்கின்றன. கணக்கைப் பாருங்கள்:

(24 × 1 × 2) + (4 × 10 × 2) = 48 + 80 = 128

அந்த மேலதிக 80, நான்கு வெற்று வாய்களின் கணக்கு. ஹாஜியாரின் ஒபீஸில் அவற்றில் செருகுவதற்கு எதுவுமே இல்லை. சேர்வரில் 10 ஜிகாபிட் கார்ட் கிடையாது. வேறு மாடியில் இன்னொரு பெரிய ஸ்விட்ச்சும் கிடையாது. காசு கொடுத்து வாங்கி, தூசு படாமல் இறப்பர் மூடி போட்டு வைக்க வேண்டியதுதான். கணனிகளைப் பொறுத்தவரை அந்தப் பெட்டியும் அதே 48தான்.

அடுத்தது போர்வர்டிங் ரேட். இது கொஞ்சம் வித்தியாசமான அளவு. புறக்கோட்டையில் நாட்டாமிகள் மூட்டை இறக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது கிலோ அரிசி மூட்டை ஒன்றை இறக்குவதும், ஒரு கிலோப் பொதிகள் ஐம்பதை இறக்குவதும் எடைக்கு ஒன்றுதான். ஆனால் பொதிகளில் ஐம்பது முறை விலாசம் பார்த்து ஐம்பது முறை வைக்க வேண்டும். ஸ்விட்ச்சுக்கும் அப்படியே. தரவு சிறு சிறு பெக்கெட்டுகளாகவே வரும். ஒவ்வொன்றின் தலையிலும் இருக்கும் விலாசத்தைப் பார்த்து எந்த வாயால் வெளியே அனுப்புவது என்று அது தீர்மானிக்க வேண்டும். வினாடிக்கு எத்தனை பெக்கெட்டுக்கு அப்படி விலாசம் பார்க்க முடியும் என்பதே போர்வர்டிங் ரேட்.

டேட்டாஷீட்டில் இதை மிகச் சிறிய பெக்கெட்டை வைத்தே கணக்கிடுவார்கள். ஈதர்நெட்டில் மிகச் சிறியது 64 பைட். அதற்கு முன்னால் 8 பைட் தொடக்கக் குறியும், பின்னால் 12 பைட் இடைவெளியும் கட்டாயம் போகும். மொத்தம் 84 பைட். ஒரு பைட்டுக்கு 8 பிட் வீதம் 672 பிட். ஒரு போர்ட்டில் வினாடிக்கு 1,000,000,000 பிட் போகலாம் என்றால்:

1,000,000,000 ÷ 672 = 1,488,095

ஏறக்குறைய 14.88 இலட்சம் பெக்கெட். இதை 24ஆல் பெருக்கினால் 357 இலட்சம். டேட்டாஷீட்டில் அதையே 35.7 மில்லியன் என்று எழுதுகிறார்கள். 10 ஜிகாபிட் வாய் நான்கையும் சேர்த்தால் 95.2 மில்லியன் வரும். ஆக, இரண்டாவது இலக்கமும் முதலாவது இலக்கத்தின் நிழல்தான். போர்ட்டை எண்ணத் தெரிந்தால் இரண்டையும் டேட்டாஷீட் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

ஒரு காலத்தில் இந்த இலக்கங்களுக்கு அர்த்தம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஒபீஸ்களில் ஹப் என்ற பெட்டியே இருந்தது. அதில் 10 மெகாபிட்டை எல்லாக் கணனிகளும் பங்கு போட்டுக்கொள்ளும்; ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ் தன் மனைவியின் பெயரிலேயே ஆரம்பித்த கல்பனா என்ற அமெரிக்கக் கம்பனிதான் 1990இல் முதலாவது ஈதர்நெட் ஸ்விட்ச்சைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. 1994இல் சிஸ்கோ கம்பனி அதை வாங்கிக்கொண்டது. அந்தக் காலத்தில் எல்லா வாய்களுக்கும் ஒரே நேரத்தில் முழு வேகம் கொடுப்பது கஷ்டமான, விலை கூடிய காரியம். யாருடைய பெட்டி தாங்கும், யாருடையது திணறும் என்று அறிய அளவீடு தேவைப்பட்டது. இன்று அந்த வேலையை ஒரு சிறிய சிப் செய்து முடிக்கிறது. இலக்கம் மட்டும் விளம்பரத்தில் தங்கிவிட்டது. ஆரம்ப காலத்தில் நானும் அந்த இலக்கத்தைச் சொல்லியே ஸ்விட்ச் விற்றிருக்கிறேன் என்பதை மறைப்பதற்கில்லை.

இனி ஹாஜியாரின் ஒபீஸுக்கு வருவோம். அங்கே 11 கணனிகள், ஒரு சேர்வர், இரண்டு பிரிண்டர், ஆறு கமரா, கமராப் பதிவுப் பெட்டி ஒன்று, இணையத்துக்கான ரவுட்டர் ஒன்று. மொத்தம் 22 வாய். இவை எல்லாம் சேர்ந்து உச்சமாக எவ்வளவு சுமை தரும் என்று கணக்குப் பார்த்தோம்.

பதினொரு பேரும் என்ன செய்தாலும் போவது சேர்வருக்குத்தான். கணக்கு வைக்கும் மென்பொருள், ஸ்கேன் செய்த இறக்குமதிப் பத்திரங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. சேர்வருக்கு இருப்பதோ ஒரேயொரு கேபிள், ஒரேயொரு வாய். அந்த வாய் இரு திசையிலும் முழுதாக நிரம்பினால் 2 ஜிகாபிட். ஸ்விட்ச்சுக்குள் ஒரு வாயால் நுழையும் ஒவ்வொரு பிட்டும் இன்னொரு வாயால் வெளியேறுவதால், டேட்டாஷீட் பாணியில் எண்ணினால் 4. இணையம் 100 மெகாபிட் பெக்கேஜ். அதை இரு திசைக்கும் எண்ணி இரட்டித்தாலும் 0.4. கமரா ஒன்றுக்கு 4 மெகாபிட் வீதம் ஆறுக்கும் 24 மெகாபிட், இரட்டித்தாலும் 0.05. பிரிண்டருக்குப் போவது சொற்பம். எல்லாம் சேர்த்தும் 5 ஜிகாபிட்டைத் தாண்டாது. 48 தாங்கும் பெட்டியில் பத்தில் ஒரு பங்கு. அதுவும் என்றைக்கோ ஒரு நாள், சில வினாடிகளுக்கு.

பெக்கெட் கணக்கில் வித்தியாசம் இன்னும் பெரிது. கோப்புகள் போகும்போது பெக்கெட்டுகள் சிறியவையாக இருப்பதில்லை; ஏறக்குறைய 1,500 பைட் கொண்ட பெரிய மூட்டைகளாகவே போகும். அப்படியானால் நிரம்பிய ஒரு ஜிகாபிட் பாதையில் வினாடிக்கு 81,000 பெக்கெட் அளவுதான். இரு திசைக்கும், "கிடைத்தது" என்று திரும்பி வரும் சிறு பெக்கெட்டுகளுக்கும் சேர்த்து இரண்டு இலட்சம் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். பெட்டி தாங்குவதோ 357 இலட்சம். சிறு பெக்கெட் அதிகம் வருவது இணையத் தொலைபேசியில்தான். அதிலும் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் வினாடிக்கு 50 பெக்கெட் என்பதே வழமை. இருபது பேர் ஒரே நேரத்தில் கதைத்தாலும் இரு திசைக்கும் இரண்டாயிரம். ஸ்விட்ச் அதை உணரக்கூட மாட்டாது.

"அப்ப ஏன் தம்பி மாதக் கடைசியில இப்படி இழுபடுது?" என்று ஹாஜியார் கேட்டார். உண்மையான கேள்வி அதுதான்.

விடை மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. டேட்டாஷீட் எல்லா வாய்களையும் கூட்டிச் சொல்கிறது. ஆனால் சிறிய ஒபீஸில் எல்லோரும் ஒரே வாயிலில்தான் முட்டிக்கொள்கிறார்கள். அந்த ஒரு வாயில் குறுகிவிட்டால் ஸ்விட்ச் 48ஆக இருந்தாலும் 128ஆக இருந்தாலும் ஒரு பயனும் இல்லை.

ளுஹர் நேரத்தில் ஒபீஸ் வெறிச்சோடியதும் ஒரு சிறிய சோதனை செய்தேன். சரியாக 1 ஜிகாபைட் அளவுள்ள ஒரு கோப்பைச் சேர்வரிலிருந்து ஒரு கணனிக்குக் கொப்பி செய்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஜிகாபிட் பாதை ஒழுங்காக இருந்தால், பழைய ஹார்ட் டிஸ்க் கொஞ்சம் தாமதப்படுத்தினாலும், பத்துப் பன்னிரண்டு வினாடியில் முடிய வேண்டும். அது முடிய ஒன்றரை நிமிடம் எடுத்தது. இன்னொரு கணனியில் செய்தேன். அதே ஒன்றரை நிமிடம். பிறகு சேர்வரை விட்டுவிட்டு, ஒரு கணனியிலிருந்து மற்றக் கணனிக்கு அதே கோப்பை அனுப்பினேன். பத்து வினாடி! ஸ்விட்ச் மீது குற்றமில்லை என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. குற்றம் சேர்வரின் பக்கம்.

ஒன்றரை நிமிடம் என்ற அளவே ஒரு தடயம். 100 மெகாபிட் பாதையில் 1 ஜிகாபைட் போக ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் எடுக்கும். சேர்வரில் பவர்ஷெல்லைத் திறந்து இந்த வரியைத் தட்டினேன்:

```
Get-NetAdapter | Select-Object Name, LinkSpeed
```

`LinkSpeed` என்ற இடத்தில் `1 Gbps` இருக்க வேண்டியதற்கு `100 Mbps` என்று இருந்தது. ஜிகாபிட் கார்ட், ஜிகாபிட் ஸ்விட்ச். நடுவில் ஓடுவது பத்தில் ஒரு பங்கு வேகம்.

காரணம் கேபிள். நெட்வேர்க் கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள், நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 1 ஜிகாபிட் போக நான்கு சோடியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும். ஒரு கம்பி அறுந்தாலோ, முனைப் பிளக்கில் சரியாகப் பதியாவிட்டாலோ, பல உபகரணங்கள் தொடர்பை முற்றாகத் துண்டிக்காமல், சத்தமில்லாமல் 100க்கு இறங்கி வேலையைத் தொடரும். அதனால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். எல்லாம் வேலை செய்வது போலவே இருக்கும். களஞ்சியத்தில் இரும்பு ரேக் ஒன்றை நகர்த்தியபோது சேர்வரின் கேபிள் சுவரோடு நசுங்கியிருந்தது. எப்போது நகர்த்தினார்கள் என்று விசாரித்தோம். இன்வொய்ஸ் தாமதம் தொடங்கியதும் ஏறக்குறைய அந்த நாட்களில்தான்.

சாதாரண நாட்களில் மூன்று நான்கு பேர் இன்வொய்ஸ் போடும்போது 100 மெகாபிட் எப்படியோ சமாளித்தது. மாதக் கடைசியில் பதினொரு பேரும் உட்கார்ந்தால் ஆளுக்கு 9 மெகாபிட் அளவுதான், அதாவது வினாடிக்கு ஒரு மெகாபைட் அளவு. அவர்கள் பாவிக்கும் மென்பொருளோ பழைய வகை. ஒரு வாடிக்கையாளரின் கணக்கைத் திறக்க, தரவுக் கோப்பின் பெரும் பகுதியைக் கணனிக்கு இழுத்தெடுக்கும். அரை நிமிடம் ஏன் ஆனது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்த இடத்தில் 128 ஜிகாபிட் ஸ்விட்ச்சை வாங்கிப் பூட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அதே நசுங்கிய கேபிளைப் புதிய பெட்டியில் செருகியிருப்பார்கள். அதுவும் 100 மெகாபிட்டில்தான் ஓடியிருக்கும்.

அப்படியென்றால் டேட்டாஷீட்டைப் பார்க்கவே தேவையில்லையா என்று கேட்கலாம். பார்க்க வேண்டும், ஆனால் பெரிய இலக்கத்தைத் தேடி அல்ல, குறையும் இலக்கத்தைத் தேடி. நீங்களே கணக்குப் போட்ட தொகையை விடக் குறைவாக அச்சிட்டிருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது.

உதாரணமாக, "24 போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச்" என்று சொல்லி மலிவாக ஒன்றைத் தருகிறார்கள். டேட்டாஷீட்டில் 8.8 ஜிகாபிட் என்று இருக்கிறது. உடனே தெரிந்துகொள்ளுங்கள்: 24 வாயும் வெறும் 100 மெகாபிட், ஓரத்தில் உள்ள இரண்டு வாய் மட்டுமே ஜிகாபிட். 24 × 0.1 × 2 = 4.8; அதோடு 2 × 1 × 2 = 4; மொத்தம் 8.8. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவில் ஏறி இறங்கிப் பழைய ஸ்விட்ச் தேடுபவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது. கமராவுக்கு மின்சாரமும் சேர்த்துக் கொடுக்கும் ஸ்விட்ச்களில் இந்த அமைப்பு மிகச் சாதாரணம். 16 வாயும் 2 ஜிகாபிட் வாயும் உள்ளதில் 7.2 என்று இருக்கும். கமராவுக்கு 4 மெகாபிட் போதும் என்பதால் அதில் தவறேதும் இல்லை. அதே பெட்டியில் கணனிகளையும் செருகினால்தான் வம்பு. அந்த வகைப் பெட்டியில் ஸ்விட்சிங் கபாசிட்டியை விட, எல்லாக் கமராவுக்கும் சேர்த்து எத்தனை வாட் மின்சாரம் கொடுக்கும் என்ற வரிதான் முக்கியம்.

இன்னொரு உதாரணம், ஒரு காலத்தில் உலகெங்கும் ஒபீஸ்களில் இருந்த சிஸ்கோவின் கட்டலிஸ்ட் 2960ஜி வரிசை. அதில் 24 போர்ட் மாதிரியின் போர்வர்டிங் ரேட் 35.7 மில்லியன், நம் கணக்குக்குச் சரி. ஆனால் 48 போர்ட் மாதிரிக்கு 71.4 வர வேண்டியதற்கு டேட்டாஷீட்டில் இருந்தது 39 மில்லியன். எல்லா வாயும் ஒரே நேரத்தில் மிகச் சிறிய பெக்கெட்டால் நிரம்பினால் அது தாங்காது என்று கம்பனியே ஒளிக்காமல் எழுதியிருந்தது. ஆனாலும் அந்தப் பெட்டியை வைத்து எத்தனையோ ஒபீஸ்கள் எந்தக் குறையும் இல்லாமல் வருடக்கணக்கில் வேலை செய்தன. எல்லா வாயும் அப்படி நிரம்பும் நாள் ஒபீஸ் ஒன்றில் வருவதே இல்லை என்பதுதான் காரணம்.

128க்கும் ஓர் இடம் உண்டு. அச்சகம், வீடியோ எடிட்டிங், பெரிய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைக் கையாளும் மருத்துவ நிலையம் போன்ற இடங்களில் பல பேர் ஒரே நேரத்தில் பெருங்கோப்புகளை இழுப்பார்கள். அங்கே சேர்வருக்கு 10 ஜிகாபிட் கார்ட் ஒன்று போட்டு, ஸ்விட்ச்சின் 10 ஜிகாபிட் வாயில் செருகினால், அந்த ஒற்றை வாயில் பத்து மடங்கு அகலமாகிவிடும். சேர்வரின் டிஸ்க்கும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கோடு இதைச் செய்வது வீண் செலவு. அப்படி ஒரு தேவை இருப்பவர் வாங்க வேண்டியது அந்த 10 ஜிகாபிட் வாயைத்தான். 128 என்ற இலக்கம் தானாக அதோடு வரும்.

ஹாஜியாரின் ஒபீஸுக்கு இருபது மீட்டர் கேபிளும் இரண்டு பிளக்கும் வாங்கினோம். ரேக்குக்குப் பின்னால் போகாமல் சுவரில் பிளாஸ்டிக் குழாய் அடித்து, அதற்குள் இழுத்தோம். மறுபடி அதே கட்டளையைத் தட்டியபோது `1 Gbps` என்று வந்தது. கோப்பு பதினொரு வினாடியில் போனது. மறுமாதக் கடைசியில் இன்வொய்ஸ் போடும் பையனிடம் தொலைபேசியில் கேட்டேன். பக்கம் மூன்று வினாடியில் திறக்கிறதாம். ஆனால் பிரிண்டர் இப்போது பிந்துகிறது என்று ஒரு புதிய முறைப்பாடு வைத்தான். அது நெட்வேர்க் பிரச்சினை அல்ல. டோனர் கார்ட்ரிட்ஜ் பிரச்சினை.